பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு எவ்வளவு காற்று?

பைக்கில் பின்னால் ஆள் ஏறினால் பின் டயரின் காற்றைக் கூட்டுங்கள். ஆனால் அந்த அளவை டயரின் பக்கவாட்டில் தேடாதீர்கள். அங்கே 'மேக்ஸ்' என்ற சொல்லுக்கு அருகில் உள்ள பிஎஸ்ஐ, அந்த டயர் தன் முழுப் பாரத்தைத் தாங்கும்போது இருக்க வேண்டிய காற்று. உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. வண்டிக்கான அளவு செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரில், கிழிந்திருந்தால் வண்டியின் கையேட்டில் இருக்கும். உதாரணமாக, முன் 25, பின் தனியாள் 28, இருவர் 32 என்றிருந்தால், ஆள் ஏறும்போது பின்னால் 4 பிஎஸ்ஐ கூட்டினால் போதும், முன் டயரைத் தொட வேண்டாம்.

பின்னால் உட்காருபவரின் எடையில் பெரும்பகுதி பின் சக்கரத்தில்தான் இறங்குகிறது. காற்று குறைவாக இருந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் மடங்கிச் சூடாகும். வளைவில் வண்டி நெளிவதும் அதனால்தான். டயர் ஆறியிருக்கும்போதே அளவு பாருங்கள். ஓடி வந்த சூட்டில் கூடுதலாகக் காட்டும் காற்றை இறக்கிவிடக் கூடாது.

வேறு அளவு டயர் மாற்றியிருந்தால் இந்த ஸ்டிக்கரை நம்ப முடியாது. கிழட்டு டயருக்கும் காற்று மருந்தாகாது. பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளின் கடைசியில் 2318 என்றிருந்தால், அது 2018இன் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் ஆழமாக இருந்தாலும், பள்ளங்களின் அடியிலோ பக்கச்சுவரிலோ மெல்லிய வெடிப்பு ஓடினால் மாற்றிவிடுங்கள்.