ஆர்ட்டிகிள்ஷிப் கேட்டு எழுதும் கடிதம்: எந்தத் தவறு எவ்வளவு காலத்தைத் தின்னும்?

குன்னூரில் சின்ன ஆடிட் அலுவலகம் வைத்திருக்கிறேன். ஜூலையிலும் நவம்பரிலும் சிஏ இன்டர் முடிவுகள் வந்ததும், பி.காம் முடித்த பிள்ளைகளிடமிருந்து ஆர்ட்டிகிள்ஷிப் கேட்டுக் கடிதங்கள் வரும். கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் என்று மலையின் எல்லாப் பக்கமிருந்தும் வரும். எங்கள் தலைமுறை எழுதிய அதே கடிதத்தையே இவர்களும் எழுதுகிறார்கள். அன்றைக்கு அது பெரிய சேதம் செய்யவில்லை. இன்றைக்கு விதிகள் மாறிவிட்டன, அதே கடிதம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று விழுங்கிவிடுகிறது.

எழுத்துப்பிழை, பெயரைத் தவறாகப் போடுவது, போட்டோ ஒட்டுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள்.

"உடனே சேரத் தயாராக இருக்கிறேன்"

பத்துக் கடிதம் வந்தால் பெரும்பாலானவற்றில் இந்த வரி இருக்கும். ஆர்வத்தைக் காட்டத்தான் எழுதுகிறார்கள், புரிகிறது. ஆனால் ஆடிட்டர் அதை ஒரு தகவலாகப் படிக்கிறார். இவருக்கு இன்டரில் இரண்டு குரூப்பும் முடிந்துவிட்டது, பயிற்சி வகுப்பும் முடிந்துவிட்டது, நாளைக்கே பதிவு செய்யலாம் என்று எடுத்துக்கொள்கிறார். எழுதியவரோ வெறுமனே "நான் வீட்டில் சும்மா இருக்கிறேன்" என்ற பொருளில் எழுதியிருப்பார்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், பழைய திட்டத்திலிருந்து. வணிகவியல் பட்டதாரி 55 சதவீதம் வாங்கியிருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக இன்டருக்குப் பதிவு செய்யலாம். மற்றப் பாடக்காரர்களுக்கு 60 சதவீதம். அது அப்படியே இருக்கிறது. முன்பு இப்படி நேரடியாக வந்தவர்கள் இன்டர் எழுதுவதற்கு முன்பே ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்து, ஒன்பது மாதம் வேலை பார்த்துவிட்டுத் தேர்வு எழுதினார்கள். மூன்று வருடப் பயிற்சி. 2023இல் வந்த புதிய திட்டத்தில் பயிற்சி இரண்டு வருடமாகக் குறைந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: பட்டதாரியாக இருந்தாலும் இன்டரின் இரண்டு குரூப்பும் தேறிய பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப் தொடங்க முடியும். சீனியர் அண்ணன், அக்கா சொல்வதைக் கேட்டு வருகிறவர்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, இரண்டாவதைக் கோட்டைவிடுகிறார்கள்.

அது எங்கள் அலுவலகத்தை எப்படிப் பாதித்தது என்று சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கத்துப் பையன் ஒருவர் ஜூன் மாதம் எழுதியிருந்தார். நல்ல மதிப்பெண், தெளிவான கையெழுத்து, "உடனே சேரத் தயார்". மே மாதத் தேர்வு எழுதியிருந்தார், முடிவு இன்னும் வரவில்லை. கடிதத்தில் அது இல்லை. நேரில் வந்தபோது நாங்களும் இன்டர் முடித்தாயிற்று என்று நினைத்தே பேசினோம், அவரும் மறுத்துச் சொல்லவில்லை. ஒரு இடம்தான் இருந்தது, அதை அவருக்கு ஒதுக்கிவிட்டு வெலிங்டனிலிருந்து கேட்ட ஒரு பெண்ணிடம் இடமில்லை என்று சொல்லி அனுப்பினோம். ஜூலையில் முடிவு வந்தது. ஒரு குரூப் தேறியிருந்தார், மற்றது போய்விட்டது. ஒப்பந்தம் போட வழியில்லை. மறுபடி செப்டம்பரில் எழுதி, முடிவு வரும்போது நவம்பர் பிறந்துவிடும். டேக்ஸ் ஆடிட் அறிக்கைகளுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. அந்தப் பருவத்தை ஆளில்லாமல் ஓட்டினோம். அந்தப் பெண் அதற்குள் கோவையில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பையனிடம் கோபப்பட்டு என்ன பயன்? ஆனாலும் அந்த வரியைக் கண்டால் இன்றும் எனக்குச் சுருக்கென்கிறது. "மே மாதம் எழுதியிருக்கிறேன், முடிவு ஜூலையில் வரும்" என்று எழுதியிருந்தால் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் வழி பண்ணியிருப்போம்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. "பரவாயில்லை சார், இப்போதே வந்து வேலை பார்க்கிறேன், பாஸானதும் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்" என்பார்கள். வைத்துக்கொள்ள முடியாது. பதிவான தேதிக்கு முந்தைய வேலை சம்பளத்துக்குப் பார்த்த வேலைதான், இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அதனால் குறையாது. வேறொரு அலுவலகத்தில் இப்படி வாய்ப்பேச்சை நம்பி மாதக்கணக்கில் வவுச்சர் பார்த்துவிட்டு, ஒப்பந்தத் தாளே போடப்படவில்லை என்று பிறகு தெரிந்து எங்களிடம் அழுதுகொண்டு வந்த பிள்ளையை எனக்குத் தெரியும். பயிற்சி தொடங்கிய 30 நாளுக்குள் படிவம் 103 சமர்ப்பிக்கப்பட வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைப் பற்றிக் கேட்பதில் கூச்சப்படாதீர்கள்.

இன்னொரு கதவும் இருக்கிறது, ஐசிஐடிஎஸ்எஸ். கணினிப் பயிற்சி, ஆளுமைப் பயிற்சி என்று இரண்டு பகுதி, சேர்த்து ஏறக்குறைய நான்கு வாரம். ஆர்ட்டிகிள்ஷிப் தொடங்கும் முன் இரண்டையும் முடித்திருக்க வேண்டும். மலையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கோவையில் தங்கித்தான் முடிக்கிறார்கள். தேர்வு முடிவு வந்த பிறகு வகுப்புக்கு இடம் தேடினால் அதுவே ஒரு மாதத்தைச் சாப்பிடும். முடிவுக்குக் காத்திருக்கும் இடைவெளியில் இதை முடித்துவிட்டு எழுதுகிறவர்களின் கடிதம் தனியாகத் தெரியும்.

ஆகவே கடிதத்தின் முதல் பத்தி இப்படி இருந்தால் போதும். பெரும்பாலோர் ஆங்கிலத்தில் எழுதுவார்கள், பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்:

"ஐயா, நான் பி.காம் பட்டதாரி, நேரடிச் சேர்க்கை வழியில் இன்டருக்குப் பதிவு செய்திருக்கிறேன். முதல் குரூப் ஜனவரியில் தேறினேன். இரண்டாவது குரூப்பை மே மாதம் எழுதியிருக்கிறேன், முடிவு ஜூலையில் எதிர்பார்க்கிறேன். ஐசிஐடிஎஸ்எஸ் இரண்டு பகுதியும் முடித்துவிட்டேன், சான்றிதழ் இணைத்துள்ளேன். தேறினால் ஜூலை இறுதியில் சேர முடியும். தேறாவிட்டால் முடிவு வந்த அன்றே தெரிவிக்கிறேன்."

கடைசி வரியைப் படிக்கும் எந்த ஆடிட்டரும் இந்தப் பெயரைக் குறித்து வைப்பார். தேறாமல் போகலாம் என்று எழுதினால் மதிப்புக் குறையும் என்று பயப்படுகிறார்கள். குறையாது. எங்களுக்கு வேண்டியது இடத்தை யாருக்காக, எதுவரை காலியாக வைத்திருக்கலாம் என்பதுதான்.

சென்னைக்கு எழுதிய கடிதத்தைக் குன்னூருக்கு அனுப்புவது

பன்னாட்டு நிறுவனங்களின் ஆடிட்டில் அனுபவம் பெற விரும்புகிறேன் என்று எழுதுகிறார்கள். இங்கே வருவது தேயிலைத் தொழிற்சாலை, காய்கறி மண்டி, காட்டேஜ், கூட்டுறவுச் சங்கம், மளிகைக் கடை. விண்ணப்பிக்கும் அலுவலகத்தில் எந்தக் கணக்கு வருகிறது என்று ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

எழுத வேண்டியது பல சமயம் இவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. அப்பா சிறு தேயிலை விவசாயி. மாதா மாதம் தொழிற்சாலையிலிருந்து பச்சைத் தேயிலைக் கணக்கு வருகிறது: கொடுத்த கிலோ, மழை நாளில் ஈரத்துக்குக் கழித்த எடை, அந்த மாத விலை, ஏற்கெனவே வாங்கிய அட்வான்ஸ், உரத்துக்குப் பிடித்தம், மீதிப் பணம். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து, கூட்டிச் சரிபார்த்த பிள்ளை, கடிதத்தில் "டேலி தெரியும்" என்று மட்டும் எழுதுகிறது.

அந்தச் சீட்டு எங்களுக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். சொந்தத் தோட்டத்தில் இலை பறித்துத் தானே தூள் தயாரிப்பவரின் வருமானத்தில் 40 சதவீதம்தான் தொழில் வருமானமாக வரிக்கு வரும், மீதி 60 விவசாய வருமானம். 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 8ஆம் விதி என்று சொல்லி நாங்கள் பழகிய கணக்கு அது. வெளியே இலை வாங்கித் தூள் செய்தால் அந்த லாபம் முழுக்கத் தொழில் வருமானம். ஒரே தொழிற்சாலை இரண்டும் செய்தால்? எத்தனை கிலோ சொந்த இலை, எத்தனை கிலோ வாங்கிய இலை என்று பிரித்தாக வேண்டும். அதற்கு ஆதாரம் எடைச் சீட்டும் இலைப் பதிவேடும். ஈரக் கழிவைச் சீட்டில் ஒரு விதமாகவும் பதிவேட்டில் வேறு விதமாகவும் எழுதியிருந்தால் இரண்டின் மொத்தமும் ஒத்துவராது. எங்கள் ஆர்ட்டிகிள் பிள்ளை முதல் மாதம் உட்கார்ந்து ஒப்பிடுவது இதைத்தான்.

"எங்கள் வீட்டு இலைக் கணக்கை மூன்று வருடமாக நான்தான் எழுதுகிறேன், தொழிற்சாலைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்" என்று ஒரு பெண் எழுதியிருந்தார். நேரில் கூப்பிட்டு ஒரு சீட்டைக் கொடுத்தேன். ஈரக் கழிவு எந்த எடையின் மேல் போடப்பட்டது என்று முதலில் கேட்டார். சேர்த்துக்கொண்டோம். அந்த விஷயம் பொய்யாக இருந்தால் அதே சீட்டு இரண்டு நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும், ஆகவே செய்யாததை எழுத வேண்டாம்.

பலகையில் "ஆடிட்டர்" என்று இருந்தால் போதும் என்று நினைப்பது

நம் ஊர்களில் ஜிஎஸ்டி, வருமான வரி ரிட்டர்ன் போடும் ஆலோசகர்களையும் மக்கள் ஆடிட்டர் என்றே கூப்பிடுவார்கள். வேலை கற்றுக்கொடுப்பார்கள், நல்லவர்களும் இருக்கிறார்கள், ஆனால் ஆர்ட்டிகிள்ஷிப் தர முடியாது. தொழில் செய்துகொண்டிருக்கும் பட்டயக் கணக்காளர் மட்டுமே தரலாம். அவரும் எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் தொழிலில் எத்தனை வருடம் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. "உங்களிடம் இப்போது காலியிடம் இருக்கிறதா சார்?" என்று போனில் கேட்டுவிட்டு எழுதினால் இரண்டு பக்கத்துக்கும் நேரம் மிச்சம்.

அஞ்சல் வழி எம்.காமை மறைப்பது

மறைக்காதீர்கள். வேறு படிப்பு படிக்க இன்ஸ்டிட்யூட்டின் அனுமதி வேண்டும், படிவம் 112. நாங்கள் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அது.

ஸ்டைபெண்டை முதல் வரியில் கேட்பது

ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்துக் குறைந்தபட்சத் தொகை விதியிலேயே இருக்கிறது. நேரில் கேளுங்கள்.

எங்கே தங்குவீர்கள் என்று எழுதாமல் விடுவது

மலையில் இது முக்கியம். கூடலூரிலிருந்து ஊட்டிக்கே சுமார் 50 கிலோமீட்டர், அதற்கு மேல் குன்னூர். மழைக்காலத்தில் ரோடு எப்போது அடைபடும் என்று யாருக்கும் தெரியாது. வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை பார்த்தாக வேண்டும். "குன்னூரில் சித்தி வீட்டில் தங்குவேன்" என்று ஒரு வரி போதும்.

பதினைந்து பேருக்கு ஒரே மெயில்

எல்லோர் முகவரியும் தெரிகிற மாதிரி வந்தால் நான் பதில் போடுவதில்லை.

செப்டம்பரில் எழுதிவிட்டுப் பதில் வரவில்லை என்று விட்டுவிடுவது

ஏப்ரலில் வங்கிக் கிளை ஆடிட், செப்டம்பரில் டேக்ஸ் ஆடிட். அந்த மாதங்களில் கடிதம் மேஜையிலேயே கிடக்கும், வேண்டாம் என்று அர்த்தமில்லை. அக்டோபரில் ரிட்டர்ன் வேலையும் ஓய்ந்த பிறகு, நவம்பர் முதல் வாரத்தில் ஒருமுறை போன் செய்யுங்கள். மாலை ஐந்துக்கு மேல் என்றால் ஆடிட்டர் பெரும்பாலும் அலுவலகத்தில் இருப்பார்.