விளம்பரம் வெளியே, விற்பனை ஷாப்பியில்: கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈசூனில் வீட்டிலிருந்தே சமையல் பாத்திரம் விற்கிறாள் ஒரு தோழி. இடியாப்ப அச்சுக்கு இன்ஸ்டகிராமில் விளம்பரம் போட்டாள், ஒரு நாளைக்கு 20 வெள்ளி, ஜூலையின் முதல் 14 நாள், தட்டினால் நேராக ஷாப்பியில் அவளுடைய பொருள் பக்கம் திறக்கும்படி. எல்லாம் முடிந்ததும் கேட்டாள்: "அக்கா, 280 வெள்ளி போட்டிருக்கேன், இதனால எத்தனை அச்சு வித்துச்சு?"

அவளிடம் மூன்று பதில் இருந்தது. ஒன்று 56, ஒன்று 34, இன்னொன்று 9. மூன்றையும் நம்பக் கூடாது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்த மூன்று தவறையும்தான் நம்மில் பெரும்பாலானோர் செய்கிறோம்.

முதலில் அடிப்படைச் சிக்கல். உங்கள் சொந்த இணையதளமாக இருந்தால் இன்ஸ்டகிராமை நடத்தும் மெட்டாவின் பிக்சல் என்ற சிறு நிரலைப் போட்டு, யார் வாங்கினார்கள் என்று விளம்பரத்துக்குத் திருப்பிச் சொல்லலாம். சந்தைத் தளத்தின் பொருள் பக்கம் உங்களுடையது இல்லை, அதில் சாதாரண விற்பனையாளர் பிக்சல் போட முடியாது. வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிய, சிலர் சுட்டியின் கடைசியில் `utm_source=instagram` என்று ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் அனலிடிக்ஸ் உங்கள் கையில் இல்லாதபோது அதை யார் படிக்கப் போகிறார்கள்? இன்னொன்றும் உண்டு: யார் வாங்கினார்கள் என்று தெரியாததால் மெட்டா வாங்குபவரைத் தேடாது, தட்டுபவரைத்தான் தேடிக் கொடுக்கும். விளம்பரம் பார்த்தாலே தட்டிவிடும் பழக்கமுள்ளவர்கள் வேறு, பர்ஸைத் திறப்பவர்கள் வேறு.

சரி, 56 எங்கிருந்து வந்தது? விளம்பரத்தில் 1,400 சுட்டித் தட்டல். அவளுடைய விற்பனையாளர் பக்கத்தில் நூறு பேர் வந்தால் நாலு பேர் வாங்குவதாகக் காட்டுகிறது. பெருக்கினால் 56. ஆனால் அந்த நாலு விழுக்காடு, ஷாப்பிக்குள் "இடியாப்ப அச்சு" என்று தானே தட்டச்சு செய்து தேடி வந்தவர்களுடையது, வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்கள். எம்ஆர்டியில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர் விரல் பட்டு வருவதை அதே விகிதத்தில் கணக்கிடவே கூடாது. அதோடு 1,400 பேரும் வந்து சேரவில்லை. பக்கம் இன்ஸ்டகிராமுக்குள்ளேயே திறந்து, உள்நுழையச் சொல்லி, பலர் பாதியிலேயே திரும்பிவிடுவார்கள். கடைப் பக்கத்தில் கூடுதலாக வந்தவர்கள் சுமார் 900 பேர்தான். (மெட்டாவில் `Clicks (all)` என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். லைக் போட்டதும் பெயரைத் தட்டியதும் அதில் சேர்ந்துவிடும். `Link clicks` மட்டும் பாருங்கள்.)

9 என்பது தள்ளுபடிக் குறியீடு. விளம்பரத்தில் மட்டும் ஒரு குறியீடு கொடுத்திருந்தாள், ஒன்பது பேர் பயன்படுத்தினார்கள். இது நல்ல வழிதான், ஆனால் இது குறைந்தபட்ச எண் போலத்தான், மொத்தம் இல்லை. பலர் பார்த்துவிட்டு, மூன்று நாள் கழித்து, இலவச டெலிவரி வவுச்சர் வந்ததும் ஆப்பில் தேடி வாங்குவார்கள், குறியீடு ஞாபகமே இருக்காது. இன்னொரு பக்கம், எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவரும் குறியீட்டைப் பார்த்தால் போடத்தான் செய்வார்.

இப்போது 34. இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் ஏமாற்றுவதும் இதுதான். ஜூன் கடைசி இரண்டு வாரம், விளம்பரம் இல்லாமல், 84 அச்சு. விளம்பரம் ஓடிய இரண்டு வாரம் 118. வித்தியாசம் 34. ஓர் அச்சுக்கு அடக்கவிலை, கமிஷன், பெட்டி எல்லாம் போக அவளுக்கு 10 வெள்ளி நிற்கும், ஆக 340 வெள்ளி, செலவு 280, 60 வெள்ளி லாபம் என்று சந்தோஷப்பட்டாள்.

நான் கேட்டது: "நடுவுல 7.7 தள்ளுபடி நாள் வந்துச்சே?" அவளுடைய கடையில் விளம்பரமே செய்யாத புட்டுக்குடம் இருக்கிறது, கிட்டத்தட்ட அதே ஆட்கள் வாங்குவது. ஜூனின் அதே இரண்டு வாரத்தில் 150 விற்றது, ஜூலையின் இரண்டு வாரத்தில் 165. அதாவது விளம்பரம் இல்லாமலே பத்து விழுக்காடு ஏற்றம். அதே ஏற்றத்தை அச்சுக்கும் வைத்தால் 84 என்பது 92 ஆகியிருக்கும். கூடுதல் 34 இல்லை, 26. அவள் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவள், விளம்பரப் பில்லில் 9 விழுக்காடு வரி சேர்ந்து 305 வெள்ளி வந்திருந்தது. 26 அச்சுக்கு 260. லாபம் நஷ்டமாகிவிட்டது. இப்படி ஒரு ஒப்பீட்டுப் பொருளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் விளம்பரம் தொடங்காதீர்கள்.

அந்த 26-ம் உறுதியான எண் இல்லை, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஒன்றும் செய்யாவிட்டாலும் விற்பனை ஏறி இறங்கும். எவ்வளவு என்று தோராயமாகப் பார்க்க, இரண்டு காலத்தின் விற்பனையைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 92 + 118 = 210, வர்க்கமூலம் ஏறக்குறைய 14.5. அதன் இரண்டு மடங்கு, 29 வரை, தற்செயலாகவே வரலாம். ஆக விளம்பரத்தால் வந்தது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், 55 ஆகவும் இருக்கலாம். புட்டுக்குடத்தின் சொந்த ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும். போட்ட 305 வெள்ளி திரும்பி வர அவளுக்குத் தேவை 31. "தெரியவில்லை" என்பதுதான் நேர்மையான பதில்.

தவறு விளம்பரத்தில் இல்லை, பணத்தை மெல்லியதாகப் பரப்பியதில். தினம் ஆறு விற்கும் பொருளில் தினம் இரண்டு கூடினால் கண்ணுக்குத் தெரியாது. அதே 280 வெள்ளியை நாலு நாளில், திங்கள் முதல் வியாழன் வரை, தினம் 70 என்று போட்டிருந்தால்? வழக்கமாக 24 விற்கும். அதே 26 கூடி 50 விற்றால், 24 + 50 = 74, வர்க்கமூலம் 8.6, இரட்டித்தால் 17. கூடுதல் 9-க்கும் 43-க்கும் நடுவில் என்று சொல்லலாம், பூஜ்யம் இல்லை என்பதாவது கிட்டத்தட்ட நிச்சயம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இப்படி மூன்று முறை செய்தால் இடைவெளி இன்னும் சுருங்கும். ஒரேயடியாகக் கூட்டினால் தட்டலின் விலை ஏறலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைத் தேர்வு செய்யும்போது 7.7, 9.9 மாதிரி தேதிகளையும் சம்பள நாளையும் தள்ளிவையுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் முறுக்கு அச்சை இப்படிச் சோதிக்கவே முடியாது, தேக்காவில் கூட்டம் ஏறுவதைப் போல அதுவும் தானாக ஏறும். விளம்பரத்தை நிறுத்தியபின் முதல் மூன்று நாளை "விளம்பரம் இல்லாத நாள்" என்று எண்ணாதீர்கள், கூடையில் போட்டுவைத்தவர்கள் அப்போதுதான் வாங்குவார்கள்.

அப்புறம் ஷாப்பிக்குள் ஓடும் விளம்பரம். அவளுக்கு அதுவும் ஓடிக்கொண்டிருந்தது, அந்த இரண்டு வாரத்தில் அதன் கணக்கில் ஆர்டர் 12-இலிருந்து 21 ஆனது. அது திடீரென்று நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்து, பட்ஜெட்டைக் கூட்டப் பார்த்தாள். இன்ஸ்டகிராமில் பார்த்தவர் ஆப்பில் வந்து தேடுகிறார், மேலே நிற்பது அவளுடைய விளம்பரமே, அதைத் தட்டி வாங்குகிறார், பெயர் உள் விளம்பரத்துக்குப் போகிறது. ஒரே ஆர்டருக்கு இரண்டு இடத்தில் காசு. சோதனை ஓடும்வரை உள் விளம்பரத்தின் பட்ஜெட்டை ஒரே அளவில் வையுங்கள், இரண்டு விளம்பரத்தின் கணக்கு காட்டும் எண்ணையும் கூட்டாதீர்கள், கடையின் மொத்த ஆர்டரை மட்டும் பாருங்கள்.

ஆகஸ்டில் 8.8 முடிந்த பிறகு நாலு நாள் சோதனையைத் தொடங்கினாள். முதல் சுற்றில் 41 போனது, வழக்கமான 24-க்குப் பதிலாக. புட்டுக்குடம் அசையவில்லை. 17 கூடுதல், தேவை 31. இரண்டாவது சுற்றுக்குப் படத்தை மாற்றி, அச்சைக் காட்டாமல் மாவு பிழிகிற கையைக் காட்டப் போகிறாள்.