எசுத்தர் நீர்ப்பகுப்பில 18O: எந்தப் பிணைப்பு உடையுது எண்டு சொல்லேக்க விடுற பிழைகள்

திருமலைல ஏ எல் கெமிஸ்ட்ரி கிளாஸ் எடுக்கிற ஆரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, எசுத்தர நீர்ப்பகுக்கேக்க எந்தப் பிணைப்பு உடையுது எண்ட கேள்விக்குப் பிள்ளைகள் விடைய சரியா எழுதிருவாங்க, "ஏன் அப்பிடி" எண்டு கேட்டாத்தான் சறுக்குவாங்க. எதைல் பென்சோயேற்ற எடுப்பம், C6H5COOC2H5. இதுல நடுவில நிக்கிற ஒட்சிசனுக்கு ஒரு பக்கம் காபனைல் காபன், மற்றப் பக்கம் எதைல் காபன். NaOH போட்டு நீர்ப்பகுத்தா ஒரு பக்கப் பிணைப்பு உடையோணும். எந்தப் பக்கம் உடைஞ்சாலும் வாறது பென்சோயேற்றும் எதனோலும்தான், அதால விளைவ மட்டும் பாத்து ஒண்டும் சொல்லேலாது. அதுக்குத்தான் 18O, ஒட்சிசனிட பாரமான சமதானி, அத அடையாளமாப் போட்டு எங்க போகுது எண்டு பாக்கலாம்.

தண்ணில 18O இருக்கு, எசுத்தரில சாதாரண ஒட்சிசன் எண்டு வையுங்க. காபனைல் பக்கம் உடைஞ்சா (ஏசைல்-ஒட்சிசன் உடைவு) எதனோல் தன்ர பழைய ஒட்சிசனோட வெளிய வரும், 18O அமிலத்துப் பக்கம் போகும். எதைல் பக்கம், அதாவது அற்கைல் பக்கம், உடைஞ்சா எதைல் காபன் தண்ணிட ஒட்சிசனப் பிடிக்கும், எதனோலில 18O வரும். 1934ல பொலானியும் சாபோவும் அமைல் அசெற்றேற்ற 18O கூடின தண்ணில காரத்தோட நீர்ப்பகுத்துப் பாத்தாங்க, அற்ககோலில 18O ஏறேல்ல. அதாவது ஏசைல் பக்கம்தான் உடையுது. இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும், பிழை தொடங்குறது இதுக்குப் பிறகுதான்.

நான் அடிக்கடி காணுறது, Na18OHஐ சாதாரண தண்ணில கரைச்சதா எழுதிட்டு அம்புக்குறிய மட்டும் 18OH-ல இருந்து போடுறது. பேப்பரில அது வடிவா இருக்கும், ஆனா குடுவைக்குள்ள நடக்காது. ஐதரொட்சைட்டும் தண்ணியும் புரோத்தன மாத்திக்கொண்டே இருக்கும், கண் மூடித் திறக்க முதல் எது ஐதரொட்சைட்டா வந்தது எது தண்ணியா இருந்தது எண்டே பிரிக்கேலாது. 0.5 M கரைசல் எண்டா லீற்றருக்கு 0.5 மோல் 18O, தண்ணி கிட்டத்தட்ட 55 மோல், அப்ப எல்லாம் கலந்த பிறகு மிஞ்சுறது 0.9% அளவுதான். கொட்டியாரக் குடாவுக்க ஒரு போத்தல் தண்ணிய ஊத்திட்டு அதத் தேடப்போற மாதிரி. தாக்கிறது OH- எண்டாலும் அடையாளம் தண்ணிலதான் இருக்கோணும். மறுபக்கமாவும் யோசியுங்க: 10% 18O உள்ள 1 கிராம் தண்ணி (55 மில்லிமோல் அளவு), அதுல சாதாரண NaOH 40 மில்லிகிராம், அதாவது 1 மில்லிமோல். இஞ்ச NaOHட ஒட்சிசன் கலந்தும் 10% கிட்டத்தட்ட 9.8% ஆகத்தான் இறங்கும், ஒரு பிரச்சினையும் இல்ல.

அடுத்தது கரைப்பான். எதைல் பென்சோயேற்று தண்ணில சரியாக் கரையாது, சோப்பு செய்யிற பிராக்டிக்கல் ஞாபகத்தில உடன எதனோல் ஊத்தலாம் எண்டு எழுதுறாங்க. நாம தேடுற விளைவே எதனோல், பிறகு எதப் பாக்கிறது? மெதனோல் ஊத்தினாலும் சரிவராது, மெதொட்சைட்டு உருவாகி எசுத்தர மெதைல் பென்சோயேற்றா மாத்தும், எதனோல் நீர்ப்பகுப்பே நடக்காம வெளிய வந்துரும். டயொக்சேன் மாதிரி ஒண்டு போடோணும், அது ஒரு ஈதர், அதுல இருக்கிற ஒட்சிசன் இந்த விளையாட்டுக்கு வராது.

இப்ப எதப் பாத்து முடிவு சொல்லுறது? நிறையப் பேர் அமிலத்தத்தான் பாக்கிறாங்க, "பென்சோயிக் அமிலத்தில 18O வந்திருக்கு, ஆகவே ஏசைல்" எண்டு. அமிலம் நம்பக்கூடிய சாட்சி இல்ல. பென்சோயேற்று அயனில ரெண்டு ஒட்சிசனும் ஒண்டுதான், எது எங்க இருந்து வந்தது எண்டு பிறகு சொல்லேலாது, அதோட அமிலமாக்கி சூடாக்கினா காபொட்சிலிக் அமிலம் தானாவே தண்ணியோட மெல்ல மெல்ல ஒட்சிசன மாத்தும், அப்ப எந்தப் பிணைப்பு உடைஞ்சாலும் அதுல 18O தெரியும். எதனோல் அப்பிடி இல்ல, காரத்தில அது தன்ர ஒட்சிசன விடாது. அதப் பிரிச்செடுத்து திணிவு நிறமாலை எடுத்தா பெரிய பீக் 31ல வரும், அது CH2OH+. 18O இருந்தா அது 33ல. மேல சொன்ன கணக்கில அற்கைல் பக்கம் உடைஞ்சிருந்தா 33ம் 31ம் கிட்டத்தட்ட 1:9 அளவில வரோணும், ஏசைல் பக்கம் உடைஞ்சிருந்தா 33ல இயற்கையா இருக்கிற 0.2% அளவுதான் வரும். பூச்சியம் வரோணும் எண்டு எதிர்பாக்கிறதும் ஒரு பிழைதான், அதால சாதாரண எதனோலையும் அதே மெஷின்ல ஓடவிட்டு அதோட ஒப்பிடோணும்.

சரி, எதனோலில 18O இல்ல. உடன கீழ எழுதுறாங்க, "ஆகவே நான்முகி இடைநிலை உருவாகுது". இதத்தான் நான் பெரிய பிழை எண்டு சொல்லுவன், ஏனெண்டா இடைநிலை எண்டது உண்மைதான், ஆனா இந்தப் பரிசோதனை அதக் காட்டேல்ல. OH- ஒரே அடியில வந்து எதொட்சைட்டத் தள்ளியிருந்தாலும் எதனோலில 18O இருக்காது. எது உடைஞ்சது எண்டது ஒரு கேள்வி, எப்பிடி உடைஞ்சது எண்டது வேற கேள்வி. ரெண்டாவதுக்கு விடை தேடினது பெண்டர், 1951ல. அவர் 18Oஐ எசுத்தரிட காபனைல் ஒட்சிசனில வச்சு, சாதாரண தண்ணில நீர்ப்பகுப்ப முடியவிடாம பாதிவழில நிப்பாட்டி, மிஞ்சின எசுத்தர எடுத்துப் பாத்தார். நீர்ப்பகுப்பே நடக்காத அந்த எசுத்தரில 18O குறைஞ்சிருந்தது. OH- வந்து ஒட்டி, புரோத்தன் ரெண்டு ஒட்சிசனுக்கும் இடையில மாறி, பிறகு பழைய ஒட்சிசன் OH-ஆ வெளிய போய் எசுத்தர் திரும்பி வந்தாத்தான் இப்பிடி நடக்கும். எதைல் பென்சோயேற்றுக்கு நீர்ப்பகுப்பு இந்த மாற்றத்த விட 5 மடங்கு அளவுதான் வேகம்.

இதுல இருந்து இன்னொண்டும் விளங்கும். எசுத்தரில அடையாளம் போடுறதெண்டா எந்த ஒட்சிசனில எண்டு சொல்லாட்டி கேள்விக்கே அர்த்தமில்ல. காபனைலில போட்டா எந்தப் பிணைப்பு உடைஞ்சாலும் எதனோலில 18O வராது, உடைவப் பற்றி ஒண்டும் தெரியாது. உடைவு தெரியோணும் எண்டா எதொட்சி ஒட்சிசனில போடோணும், C2H5-18OHஐ பென்சோயில் குளோரைட்டோட தாக்கவிட்டா அது அந்த இடத்திலதான் போய் நிக்கும்.

கடைசியா, "எசுத்தர் எண்டா எப்பவும் ஏசைல்" எண்டு பாடமாக்கிறது. மூ-பியூற்றைல் அசெற்றேற்று காரத்தில ஏசைல் பக்கம்தான் உடையும், அமிலத்தில கதை மாறும், அற்கைல் பக்கம் உடைஞ்சு (CH3)3C+ உருவாகி அது தண்ணியப் பிடிக்கும். H218Oல செய்தா அற்ககோலிட பெரிய பீக் 59ல இருந்து 61க்குப் போகும். ஆனா அதக் கண்ட உடன துள்ளாதீங்க, மூ-பியூற்றைல் அற்ககோல் அமிலத்தில தானும் அதே அயனாகி தண்ணியோட ஒட்சிசன மாத்தும், அதால எசுத்தர் எப்பிடி உடைஞ்சிருந்தாலும் பொறுத்திருந்தா 61 வரத்தான் செய்யும். அதே அமிலம், அதே வெப்பநிலை, அதே நேரம் வச்சு, எசுத்தருக்குப் பதிலா சாதாரண மூ-பியூற்றைல் அற்ககோலப் போட்டு ஒரு தரம் செய்து பாக்கோணும். அதுல 61 மெல்லமா ஏறி, எசுத்தரில இருந்து வந்ததில தொடக்கத்திலேயே தண்ணிட அளவுக்கு நிண்டா அது அற்கைல் உடைவு. ரெண்டும் ஒரே வேகத்தில ஏறினா இன்னும் முன்னுக்கே, எசுத்தர் கொஞ்சம் உடைஞ்ச உடன, சாம்பிள் எடுத்துத்தான் பாக்கோணும்.