விளக்கொளி கோடாக இழுக்கிறதா? போன் லென்ஸைத் துடைக்கும் முறை

போன கார்த்திகை தீபத்தன்று வாசலில் அகல்களை ஏற்றிவிட்டு, அதே கையோடு போனை எடுத்தேன். லென்ஸில் விரல் பட்டதும், வேட்டியில் இடவலமாக ஒரு தேய் தேய்த்துவிட்டுப் படம் பிடித்தேன். ஒவ்வொரு சுடரிலிருந்தும் மேலும் கீழுமாக வெள்ளைக் கோடு நீண்டிருந்தது. இருண்டிருக்க வேண்டிய திண்ணை பால் தெளித்ததுபோல் வெளுத்திருந்தது. கேமரா போய்விட்டது என்றே நினைத்தேன். விரலில் இருந்த நல்லெண்ணெய் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பிசுக்கு படத்தில் கறையாகத் தெரியாது. லென்ஸை ஒட்டியே இருப்பதால் அது ஃபோகஸில் விழாது. வரும் ஒளியைச் சிதறடித்துப் படமெங்கும் பரப்பும். அதனால் கறுப்பு சாம்பலாகிறது, ஓரங்கள் மழுங்குகின்றன. வேட்டியில் தேய்த்தபோது எண்ணெய் போகவில்லை, இடவலமாக நுண்ணிய வரிகளாகப் படிந்தது. ஒளி அந்த வரிகளுக்குக் குறுக்கே சிதறும். கோடுகள் மேலும் கீழுமாக நின்றது அதனால்தான்.

முதலில் சோதனை. இருட்டறையில் ஒரே ஒரு பல்பைப் போட்டு, துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். போனில் இரண்டு மூன்று லென்ஸ்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் எடுங்கள்.

அடுத்து, லென்ஸின் மேலுள்ள தூசியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். மணல் துகள் இருக்கும்போது அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். கீறலை எந்தத் துணியும் எடுக்காது.

பிறகு மூக்குக்கண்ணாடிக் கடையில் தரும் மைக்ரோஃபைபர் துணியை எடுத்து, லென்ஸில் லேசாக ஊதி ஆவி படியவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றித் துடையுங்கள். துணியின் வேறு பகுதியால் இன்னொரு முறை. எண்ணெய் அப்பியிருந்தால் இது போதாது. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியின் நுனியில் மட்டும் நனைத்து ஒற்றியெடுங்கள். லென்ஸின் மேல் நேரடியாக ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. கை கழுவும் சானிடைசர் ஜெல் வேண்டாம். அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், அதுவே புதிய பிசுக்காகிவிடும்.

துணியையும் அவ்வப்போது சோப்பு நீரில் அலசிக் காயவையுங்கள். என்னுடையது ஆறு மாதம் சட்டைப் பையிலேயே கிடந்து, துடைக்கத் துடைக்க எண்ணெய் பூசிக்கொண்டிருந்தது! துணிகளை மென்மையாக்கும் திரவத்தில் மட்டும் முக்காதீர்கள், அதுவும் படலம் விடும்.

இப்போது அதே பல்பை மறுபடி எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். கோடு மறைந்து, பல்பைச் சுற்றி இருள் திரும்பியிருக்கும். மங்கல் அப்படியே இருந்தால், லென்ஸின் மேல் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில் தூசியோ ஈரமோ புகுந்திருக்கலாம். லென்ஸுக்கு உள்ளேயே ஆவி தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, பழுதுபார்க்கும் கடைக்குத்தான் போக வேண்டும். பல்பிலிருந்து பார்த்தால் படத்தின் நடுப்புள்ளிக்கு எதிர்ப்பக்கத்தில் தெரியும் சின்னப் பச்சைப் புள்ளி மட்டும் அழுக்கல்ல. லென்ஸுக்குள் எதிரொளித்த பல்பு அது. எவ்வளவு துடைத்தாலும் போகாது, போனைச் சற்றுத் திருப்பினால் நகர்ந்துவிடும்.