கொசுவலை உயரத்தில் மெத்தையின் கனத்தையும் சேர்க்கணும்

தக்கலையில் எங்கள் கட்டில் ஆறரைக்கு ஐந்து அடி. வலையும் அதே அளவு, உயரம் 5 அடி. ஆனாலும் விடியும்போது ரத்தம் குடித்த கொசுக்கள் வலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கிழிசல் தேடினேன், கொசுவர்த்தி வைத்தேன். பலனில்லை.

ராத்திரி டார்ச் அடித்தபோதுதான் புரிந்தது. புரண்டு படுத்ததும் கால்மாட்டில் வலை மேலே ஏறிக் கிடந்தது. வலையின் கூரையிலிருந்து மெத்தையின் மேல்பக்கம் வரை நாலரை அடி, மெத்தையின் கனம் அரை அடி. ஐந்தும் அதிலேயே தீர்ந்தது, அடியில் செருக மிச்சமில்லை! ஒரு அடியாவது செருகினால்தான் நிற்கும், அதற்கு 6 அடி வலை வேண்டும்.

புதிது வாங்கவில்லை. நான்கு மூலைக் கயிற்றையும் நீளமாக்கிக் கூரையை ஒரு அடி இறக்கினேன். மூன்றரை அடி இருப்பதால் உட்கார்ந்தாலும் தலை தட்டவில்லை. அப்பாடா, நிம்மதி. ஓரத்தில் படுப்பவர் மட்டும் கவனிக்கணும்: முழங்கை வலையில் ஒட்டினால் கொசு வெளியிலிருந்தே கடிக்கும்.