வி-மாடல்: டெஸ்ட்டை எழுதும் நேரம்தான் வித்தியாசம்

சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் பாடத்தில் வி-மாடல் படத்தை எல்லாரும் சரியாக வரைந்துவிடுகிறோம். வேலை என்று வரும்போது மட்டும் பழைய வாட்டர்ஃபால் முறையிலேயே போகிறோம். எங்கே சறுக்குகிறது என்பதை ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம்: கல்லூரி நூலகத்தில் தாமதக் கட்டணம் கணக்கிடும் ப்ரோக்ராம்.

வாட்டர்ஃபாலில் தேவைகள், டிசைன், கோடிங், டெஸ்டிங் என்று ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. வி-மாடலிலும் கோட் எழுதிய பிறகுதான் டெஸ்ட்டை ஓட்ட முடியும். ஆனால் டெஸ்ட்டை எழுதுவது அப்போது இல்லை. V எழுத்தின் இடது கையில் ஒவ்வொரு படியில் இறங்கும்போதும், அதற்கு நேர் எதிரே வலது கையில் இருக்கும் டெஸ்ட்டை அன்றைக்கே எழுதி வைத்துவிட வேண்டும்.

படி 1: தேவைகளோடு அக்செப்டன்ஸ் டெஸ்ட்

நூலகர் சொன்னது இது: "புத்தகம் 14 நாள் வைத்திருக்கலாம். அதற்கு மேல் நாளுக்கு 1 ரூபாய்." படித்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. சரி, இதற்கு உண்மையான தேதிகளோடு ஒரு டெஸ்ட் எழுதிப் பாருங்கள்.

ஒரு மாணவி 2025 ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை புத்தகம் எடுக்கிறார். கெடு ஆகஸ்ட் 15. அன்று சுதந்திர தின விடுமுறை. மறுநாள் சனி, அப்புறம் ஞாயிறு; இரண்டு நாளும் நூலகம் திறக்காது. அவர் 18-ம் தேதி திங்கட்கிழமை கொண்டுவந்தால் கட்டணம் 3 ரூபாயா, 0-வா? 19-ம் தேதி வந்தால் 4 ரூபாயா, 1 ரூபாயா?

எதிர்பார்க்கும் விடை என்ற கட்டத்தில் எண்ணைப் போட முடியாமல் கை நிற்கிறது பாருங்கள், அதுதான் இந்தப் படியின் பலன். நூலகரிடம் திரும்பப் போய்க் கேட்கிறோம். கெடு நாள் விடுமுறையானால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும் என்கிறார். அப்படியானால் 18-க்கு 0, 19-க்கு 1. விடுமுறைப் பட்டியலுக்கு ஒரு டேபிள் வேண்டும் என்பதும் டிசைனுக்கு முன்பே தெரிந்துவிட்டது. வாட்டர்ஃபாலில் இதே கேள்வி கோட் எல்லாம் முடிந்து, நூலகர் ஓட்டிப் பார்க்கும் நாளில்தான் எழும். அப்போது டேபிள், டிசைன், கோட் மூன்றையும் கலைக்க வேண்டியிருக்கும்.

படி 2: சிஸ்டம் டிசைனோடு சிஸ்டம் டெஸ்ட்

புத்தகம் எடுப்பதிலிருந்து ரசீது வரை முழு சிஸ்டமும் ஓடுகிறதா, செமஸ்டர் கடைசியில் கூட்டம் வந்தால் தாங்குமா என்பவற்றை இங்கே எழுதுங்கள்.

படி 3: மாட்யூல் பிரிப்போடு இன்டக்ரேஷன் டெஸ்ட்

திரும்பப் பெறும் மாட்யூலை ஒருவர் எழுதுகிறார், கட்டண மாட்யூலை இன்னொருவர். முன்னது தேதியை நாள்/மாதம்/வருடம் என்று அனுப்புகிறது. பின்னது மாதம்/நாள்/வருடம் என்று படிக்கிறது. 19/08/2025 என்று டெஸ்ட் செய்தால் 19-வது மாதம் இல்லை என்று எரர் வந்துவிடும், பிழைத்தோம். ஆனால் அதே மாணவி செப்டம்பர் 5 அன்று கொண்டுவந்தால் போவது 05/09/2025. அது மே 9 என்று படிக்கப்பட்டு, 18 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 0 வரும், எரர் எதுவும் இல்லாமல். அதனால் இந்த டெஸ்ட்டுக்கு நாளும் மாதமும் இரண்டுமே 12-க்குள், வேறுவேறு எண்ணாக இருக்கும் தேதியைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: உள் டிசைனோடு யூனிட் டெஸ்ட்

`fine` என்ற ஃபங்ஷன் என்ன வாங்கும், என்ன தரும் என்று முடிவானதும், அதை எழுதுவதற்கு முன்பே:

```python
from datetime import date

def test_fine():
    due = date(2025, 8, 18)
    assert fine(due, date(2025, 8, 14)) == 0
    assert fine(due, date(2025, 8, 18)) == 0
    assert fine(due, date(2025, 8, 19)) == 1
```

முதல் வரிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். வெறும் கழித்தல் மட்டும் போட்டிருந்தால், முன்கூட்டியே கொடுத்தவருக்குக் கட்டணம் -4 என்று வரும்.

படி 5: கோட் எழுதி, மேலே ஏறுங்கள்

இப்போது யூனிட், இன்டக்ரேஷன், சிஸ்டம், அக்செப்டன்ஸ் என்ற வரிசையில் ஓட்டுங்கள். ஒரு டெஸ்ட் தோற்றால் முதலில் அதற்கு நேர் எதிரே உள்ள ஆவணத்தைத் திறங்கள். யூனிட் டெஸ்ட் தோற்றால் பெரும்பாலும் அந்த ஃபங்ஷனோடு முடிந்துவிடும். அக்செப்டன்ஸ் டெஸ்ட் தோற்றால் தேவையிலேயே தவறு இருக்கலாம். அதற்குக் கீழே உள்ள எல்லாமே ஆடும்.

உங்கள் டீம் உண்மையிலேயே வி-மாடலில் போகிறதா என்று பார்க்க ஃபைல்களின் தேதி போதும். டெஸ்ட் ஃபைல் கோட்டுக்குப் பிறகு உருவாகியிருந்தால் அது வாட்டர்ஃபால்தான். அப்படி எழுதும்போது கோட் தரும் விடையையே எதிர்பார்க்கும் விடையாகப் போட்டுவிடுகிறோம். அந்த டெஸ்ட் தோற்கவே தோற்காது.

தேவைகள் அடிக்கடி மாறும் ப்ராஜெக்ட்டில் வி-மாடலுக்கும் வாட்டர்ஃபாலின் அதே இறுக்கம் உண்டு, வேலை கொஞ்சம் கூடவே. ஆசிரியர்களுக்கு 30 நாள் என்று நூலகர் நடுவில் சொன்னால், இடது கையில் மாற்றும் ஒவ்வொரு பக்கத்துக்கும் வலது கையில் ஒரு டெஸ்ட்டையும் மாற்ற வேண்டும். ஓடும் ப்ரோக்ராமை நூலகர் கண்ணால் பார்ப்பதும் இரண்டிலும் கடைசியில்தான்.