கடைசி ஞாயிறும் நான்காம் ஞாயிறும்: கடிகார மாற்ற விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் நாட்டில் கடிகாரத்தை யாரும் முன்னும் பின்னும் நகர்த்துவதில்லை என்பதால், லண்டனில் மணி மாறும் நாள் குன்னூரில் இருப்பவருக்குத் தானாகத் தெரிய வராது. தேயிலை ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகம் லண்டன் வாடிக்கையாளரோடு அவருடைய மாலை 3 மணிக்குப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். அது நமக்குக் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் இரவு 8.30. எந்த நாளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும் என்பதற்கு அங்கே நிலையான தேதி கிடையாது, விதிதான் உண்டு: மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று முன்னே, அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று பின்னே. இரண்டு நாள்களிலும் மாற்றம் நிகழ்வது உலகப் பொது நேரம் 1 மணிக்கு, அதாவது நமக்குக் காலை 6.30க்கு.

மாதத்தில் நான்கு வாரம் என்ற பழக்கத்தில் ‘கடைசி ஞாயிறு’ என்பதை ‘நான்காம் ஞாயிறு’ என்று எழுதிக்கொள்வதுதான் இதில் மிகுதியாக நடக்கும் தவறு. 2026 மார்ச்சில் ஞாயிறுகள் 1, 8, 15, 22, 29 ஆகிய தேதிகளில் வருகின்றன. நான்காவது 22, கடைசி 29. தவறான விதியை நம்பிய அலுவலகம் 23 முதல் 27 வரை ஐந்து வேலை நாளும் 7.30க்கே அழைத்துக்கொண்டிருக்கும். லண்டன்காரரோ 8.30க்குத்தான் வந்து அமர்வார்.

இந்தத் தவறு எளிதில் அகப்படாததற்குக் காரணம் உண்டு. அதே 2026 அக்டோபரில் ஞாயிறுகள் 4, 11, 18, 25 மட்டுமே என்பதால் நான்காவதும் கடைசியும் ஒன்றாகிவிடுகின்றன. மார்ச்சின் எந்தத் தேதிக்கும் அக்டோபரின் அதே தேதிக்கும் இடையே 214 நாள்கள் உள்ளன, அதாவது 30 வாரமும் 4 நாளும். ஆகவே மார்ச்சில் ஐந்து ஞாயிறு வரும் ஆண்டில் அக்டோபரில் நான்குதான் வரும். ஐந்து ஞாயிறு அக்டோபரில் வந்தால் மார்ச்சில் நான்குதான். மார்ச்சின் கடைசி ஞாயிறு 25 ஆக அமையும் 2018, 2029 போன்ற ஆண்டுகளில் மட்டும் இரண்டிலும் நான்கே. எனவே ஒரு மாற்றத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு விதி சரி என்று முடிவு செய்யக் கூடாது. 2024, 2027 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் இட்டுப் பார்த்தால் போதும். முதலாவதில் மார்ச் 31, அக்டோபர் 27 என்றும், இரண்டாவதில் மார்ச் 28, அக்டோபர் 31 என்றும் விடை வர வேண்டும்.

காலண்டரைப் பார்த்துக் குறிப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. நம் ஊர் மாதக் காலண்டர்கள் பலவற்றில் ஐந்து வரிசைக்கு மேல் இடம் இல்லாததால், மிஞ்சும் 30, 31 தேதிகளை முதல் வரிசையின் வெற்றுக் கட்டங்களில் அச்சிட்டுவிடுவார்கள். 2025 மார்ச் சனிக்கிழமை தொடங்கியது. அத்தகைய காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைக்குரிய கட்டங்களில் கீழே கடைசியாக நிற்பது 23, உண்மையான கடைசி ஞாயிறான 30 எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்.

கணக்கிட விரும்புவோர் மாதத் தொடக்கத்திலிருந்து முன்னோக்கி எண்ணாமல், மாத முடிவிலிருந்து பின்னோக்கி வருவதே பிழைக்கு இடம் தராத வழி. எக்செலில் A1 கட்டத்தில் ஆண்டை இட்டு, மார்ச்சுக்கு இப்படி எழுதலாம்:

```
=DATE(A1,3,31)-WEEKDAY(DATE(A1,3,31))+1
```

2026 மார்ச் 31 செவ்வாய்க்கிழமை, வாரத்தின் மூன்றாம் நாள். 31இலிருந்து 3ஐக் கழித்து 1ஐக் கூட்டினால் 29. அக்டோபருக்கு, வரும் இரண்டு இடங்களிலும் 3ஐ 10 ஆக மாற்றினால் போதும்.

கணினி அமைப்புகளில் இதே விதி `M3.5.0` என்று எழுதப்பட்டிருக்கும். 3 மார்ச்சையும் 0 ஞாயிற்றையும் குறிக்கும். நடுவிலுள்ள 5 ஐந்தாவது என்று பொருள்படாது, கடைசி என்றே பொருள்படும். நான்கு ஞாயிறு மட்டுமே உள்ள மாதத்திலும் அது செல்லும். இதை அறியாமல் 4 என்று ‘திருத்துவோர்’ சரியாக இருந்த விதியைக் கெடுத்துவிடுகிறார்கள்.

உலக நேர மண்டலத் தரவுத்தளத்தில் `lastSun` என்ற குறியீடு உண்டு. ‘25ஆம் தேதியன்றோ அதன் பிறகோ வரும் முதல் ஞாயிறு’ என்று பொருள் தரும் `Sun>=25` என்பதையும் அதற்கு ஈடாகச் சிலர் எழுதுகிறார்கள். 31 நாள் மாதங்களில் இரண்டும் ஒரே விடையைத் தரும் என்பதால் லண்டனுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் நியூசிலாந்தில் கோடை நேரம் தொடங்குவது செப்டம்பரின் கடைசி ஞாயிறன்று, அந்த மாதத்துக்கு 30 நாள்தான். 2023இல் அந்த ஞாயிறு செப்டம்பர் 24. `Sun>=25` என்று எழுதியிருந்தால் விடை அக்டோபர் 1க்குத் தாவி, ஒரு வாரம் முழுவதும் நேரம் ஒரு மணி பிசகியிருக்கும். கடைசி என்று சொல்லும் விதியை `lastSun` என்றே எழுத வேண்டும். `Sun>=8` போன்ற வடிவம், மார்ச்சின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றும் அமெரிக்க விதி போன்றவற்றுக்கு உரியது.